கறுப்பு எழுத்தில் ஒரு திங்கட்கிழமை

நவமணிக்கு ஒரு வாரத்தில் ஏழு நாள் கிடையாது. நாலே நாள்தான். மற்ற மூன்று நாளும் மலைக்கும் கடலுக்கும் நடுவே எங்கோ காணாமல் போய்விடும். இதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. தோட்டத்து ஆபீசில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலையே அந்தக் காணாமல் போன நாட்களைக் கணக்குப் பார்ப்பதுதான்.

மலாய் நாட்டில் கம்போங் ராஜாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அரபு நாட்டில், தமாம் என்கிற ஊரில், சொந்தமாக ஒரு கிளை ஆபீஸ் இருந்தது. இங்கே பேக்கிங் கொட்டகையில் பொட்டலம் கட்டிய தூள் கப்பலேறி அங்கே போகும். அங்குள்ள பெரிய வியாபாரி ஒருவர் முழுச் சரக்கையும் எடுத்துக்கொள்வார். இங்கே தோட்டத்தை நடத்தும் துரையும் அங்கே கிளை ஆபீஸ்காரர்களும் மாதத்துக்கு இரண்டு தடவை போனில் கூட்டம் போட்டுப் பேச வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நாளும் நேரமும் குறிப்பது நவமணி.

கேட்பதற்குச் சின்ன வேலைதான். செய்து பார்த்தால்தான் தெரியும்.

நமக்கு ஞாயிறு லீவு, சனிக்கிழமை அரை நாள். அவர்களுக்கு வெள்ளி லீவு, வியாழக்கிழமை அரை நாள். சனிக்கிழமை அங்கே வாரம் பிறக்கிறது. ஆனால் நம்முடைய கடிகாரம் அவர்களுடையதைவிட ஐந்து மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே காலை எட்டு மணிக்கு ஆபீசைத் திறந்தால் இங்கே மத்தியானம் ஒரு மணி. சனிக்கிழமை பன்னிரண்டரைக்கே நம் ஆபீசில் பூட்டுப் போட்டுவிடுவார்கள். ஆக, அவர்கள் திறக்கும்போது நாம் பூட்டியாகிவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன கூட்டாளிகள் மறுபடி கைக்கு அகப்படுவது திங்கட்கிழமை ஒரு மணிக்குத்தான். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். அந்த நாலு நாளிலும் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை. அவ்வளவுதான் வாசல்.

முதலில் ஐந்து மணி நேரமும் இல்லை, நாலரை மணிதான் வித்தியாசம். எண்பத்திரண்டு பிறந்த அன்று நம் நாட்டுக் கடிகாரத்தையெல்லாம் அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். "அர மணி நேரத்த யாரு தின்னா?" என்று லயத்து வரிசை வீடுகளில் தொழிலாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். நவமணி சிரிக்கவில்லை. அவளுடைய சின்ன வாசலில் அரை மணியை அடைத்துவிட்டார்கள்.

தமாமில் அவளோடு பேசுகிறவர் மொகுதூம். காயல்பட்டணத்துக்காரர், அந்த ஊர் வழக்கப்படி அண்ணனுக்குச் சொல்கிற 'காக்கா' என்றே அவரைக் கூப்பிடுவாள். முகத்தைப் பார்த்தது கிடையாது. குரல் மட்டும்தான் பழக்கம்.

"தங்கச்சி, அங்கெ மழையா?"

"நிக்காம பெய்யுது காக்கா. ஒங்களுக்கு?"

"எங்களுக்கு மழைண்டா என்னண்டு மறந்து போச்சு. சரி, எப்ப வச்சுக்கலாம்?"

"வெள்ளிக்கிழம வைங்கன்னு தொர சொல்றாரு."

"வெள்ளிக்கிழம நான் ஜும்மாவுக்குப் போவேனா, ஒன் தொரைக்கு வெல சொல்லுவேனா? அவருக்கிட்ட சொல்லு, நீங்க ஞாயித்துக்கிழம வாங்கண்டு."

இப்படித்தான் மூன்று வருஷம் ஓடியது. மேசைக்கு எதிர்ச் சுவரில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். ஞாயிறெல்லாம் சிவப்பு எழுத்து, பண்டிகை நாளும் சிவப்பு. அதில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மேலும் நவமணி பச்சைப் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பாள். வியாழனில் பாதிக் கோடு. சிவப்பும் பச்சையும் படாத கட்டத்தில்தான் கூட்டம்.

இந்தக் கூட்டங்களில் நவமணிக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். சொல்லத்தான் வேண்டும்.

பேக்கிங் கொட்டகையில் இருபத்திரண்டு பொம்பிளைகள் வேலை செய்தார்கள். அதில் ஒருத்தி நவமணியின் அம்மா ருக்குமணி. பதினேழு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவள். இருபத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்தபின் நெஞ்சு கெட்டுப் போயிற்று. பத்து அடி மலை ஏறினால் மூச்சு சீழ்க்கை அடிக்கும். கொட்டகையில்தான் உட்கார்ந்து செய்கிற வேலை. லயத்து வீடு அவள் பேரில் இருந்தது, ஏனென்றால் பேர் பதிந்த ஆளுக்குத்தான் வீடு. நவமணி நாள் சம்பளத்துக்கு ஆபீசில் உட்கார்ந்தவள், அவள் பேருக்கு ஒரு கதவும் கிடையாது. கொட்டகை இருந்தால் அம்மாவுக்கு உட்கார்ந்த வேலை. கொட்டகை போனால் மலை. மலையும் முடியாது என்றால் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

கொட்டகையோ அந்த ஒரு வியாபாரியை நம்பி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவர் தமாம் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து, துரையோடு போனில் நேராகப் பேசி, "சரி" என்பார். எண்பத்து மூன்றில் அந்தத் தவணை வந்தது.

மொகுதூம் மார்ச்சிலேயே சொல்லிவிட்டார். "தங்கச்சி, அவரு மே மாசம் மூணாந்தேதி வெளியூருக்குப் போறாரு. அதுக்கு முந்தின நாளு ராவுக்குள்ள யாரோடயாவது கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவாரு. சிலோன் தேயிலை ஆளுங்களும் வந்து சுத்துறாங்க. நல்ல நாளாப் பாத்துப் போடு."

நவமணி காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்தாள். மே ஒன்று ஞாயிறு, சிவப்பு. இரண்டாம் தேதி திங்கள், கறுப்பு. பச்சைக் கோடும் இல்லை. அவர்களும் வேலை, நாமும் வேலை. வாசல் திறந்திருக்கிற முதல் நாள். "திங்கட்கிழம, ரெண்டாந்தேதி, எங்களுக்கு ஒரு மணி, ஒங்களுக்கு எட்டு" என்று எழுதி அனுப்பினாள். துரைக்கு ஒரு தாள் வைத்தாள். துரையும் தலையாட்டினார்.

மே ஒன்றாம் தேதி தொழிலாளர் தினம். அது நவமணிக்குத் தெரியாதா? தெரியும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்தது. ஞாயிறு எப்போதும் சிவப்புத்தானே? அந்தச் சிவப்புக்குள்ளே இந்தச் சிவப்பு ஒளிந்துகொண்டது. பண்டிகை ஞாயிற்றில் விழுந்தால் மறுநாள் திங்களை லீவாக விட வேண்டும் என்பது சட்டம். காலண்டர் அச்சடித்தவன் அந்தத் திங்களைச் சிவப்பாக்கவில்லை. மூன்று வருஷமாக மற்றவர்களுடைய வெள்ளிக்கிழமையையே பார்த்துப் பார்த்து, நவமணி சொந்த ஊர்த் திங்கட்கிழமையைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

ஏப்ரல் இருபத்தெட்டு, வியாழக்கிழமை. மத்தியானம் மூன்றே முக்காலுக்குப் ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கிற பெரிய கிராணி செல்லையா ஒரு தாளைக் கொண்டுவந்து பலகையில் குத்தினார்.

"ஞாயிறும் லீவு, திங்களும் லீவு. தொர நாளன்னிக்குப் பெனாங் போறாரு, குடும்பத்தோட. செவ்வாய்க்கிழமதான் வருவாரு. நீயும் எங்கயாச்சும் போய்ட்டு வாயேன் புள்ள, மொகத்துல பூஞ்சக்காளான் பூத்துருக்கு."

நவமணிக்குக் கை நின்றுவிட்டது. "திங்கக்கெழம லீவா?"

"மே தினம் ஞாயித்துல விழுந்தா திங்க லீவு குடுக்கணும்லா. புதுசாக் கேக்குற."

அவள் எழுந்து துரை அறைக்குப் போனாள். துரை தோட்டத் தமிழ் பேசுவார், நாலைந்து சொல்லை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டுவார்.

"தொர, அரபுக் கூட்டம் திங்கக்கெழம போட்டிருக்கேன். அன்னிக்கு லீவுன்னு பாக்கல. என் தப்புதான்."

"அப்ப நாளைக்கு வை."

"நாளைக்கு வெள்ளிக்கெழம தொர. அவங்களுக்கு லீவு."

"சனிக்கெழம."

"அவங்க தொறக்கும்போது நமக்கு ஒரு மணி."

"ஒரு மணிக்கு நான் இல்ல. பன்னெண்டரைக்கு வண்டி எடுக்கணும்." துரை பேனாவை மூடினார். "அவனை ஒரு மணி நேரம் முன்ன வரச் சொல்லு. பன்னெண்டு மணிக்கு நான் இருக்கிறேன்."

அதாவது அங்கே காலை ஏழு மணிக்கு. முடியாத காரியம் இல்லை. ஆனால் அதை அங்கே சொல்ல வேண்டும், அவர்கள் வியாழக்கிழமைக் கதவை அடைப்பதற்குள். மணி நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது.

தானா ராத்தா டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு வெளிநாட்டு லைன் கேட்டாள். கோலாலம்பூரில் லைன் எல்லாம் நிரம்பி இருக்கிறது, காத்திரு என்றார்கள். நாலேகால். நாலரை. மழை தகரத்தில் கொட்டுகிறது, பெல் அடித்தாலும் காதில் விழாதோ என்று போன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு நாற்பதுக்கு அடித்தது.

"காக்கா, சனிக்கிழம காலைல ஏழு மணிக்கு அவரக் கூட்டியாங்க. திங்கக்கெழம எங்களுக்கு லீவாம். நான் பாக்காம போட்டுட்டேன்."

"அவரு அல்-ஹசாவுல பேரீச்சந் தோட்டத்துக்குப் போய்ட்டாரே தங்கச்சி. வெள்ளி ராவுதான் திரும்புவாரு. அங்கெ போனும் இல்ல."

"ஏதாச்சும் செய்ங்க காக்கா."

"வீட்டு வாட்ச்மேன்ட்ட சீட்டு எழுதிக் குடுக்குறேன். நான் ஏழுக்கே தொறந்து வைக்கிறேன். மீதி அல்லாட கையில."

வெள்ளிக்கிழமை முழுவதும் நவமணி ஆபீசில் உட்கார்ந்து கடிதங்களைத் தட்டச்சு செய்தாள். அங்கே கடல் தாண்டி எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். பேசலாம் என்றால் பேச ஆள் இல்லை. சாயங்காலம் வீட்டில் அம்மா கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"கொட்டகையில பவளம் சொன்னா, ரெண்டு வருஷத்துக்கு மறுபடி எழுதப் போறாங்களாம்ல?"

"பேசணும்மா. நாளைக்குப் பேசுறாங்க."

"திங்கக்கெழமன்னு சொன்ன?"

நவமணி கஞ்சிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். ருக்குமணி அதற்கு மேல் கேட்கவில்லை. மூச்சை மிச்சம் பிடித்து வாழ்கிறவர்கள் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் துரை சொன்னபடி இருந்தார். வண்டி வாசலில் நின்றது, உள்ளே துரையம்மாவும் பிள்ளைகளும். பன்னிரண்டு ஐந்துக்கு மொகுதூம் கூப்பிட்டார். "நான் தொறந்துட்டேன். அவரு இன்னும் வரல." பன்னிரண்டேகால். பன்னிரண்டரை. வெளியே ஹாரன் இரண்டு தடவை அடித்தது. துரை தொப்பியை எடுத்துக்கொண்டார். "வந்தா எழுதி வை" என்றார். எதை எழுதுவது, வியாபாரி கேட்கிற கேள்விக்கு யார் பதில் சொல்வது, அதையெல்லாம் சொல்லவில்லை.

செல்லையா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நவமணி சாவியை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவைத்தாள்.

ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"வந்துட்டாரு தங்கச்சி. சீட்டப் பாக்காமயே எப்பவும் போல எட்டு மணிக்கு வந்து உக்காந்துருக்காரு. தொரையக் குடு."

இப்படியும் ஒரு பாவம் உண்டா? ஒருத்தர் வாசலைத் தாண்டி அரை மணி ஆகவில்லை, இன்னொருத்தர் அந்தப் பக்கம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். நடுவில் நவமணி ஒருத்தி, ஒரு கறுப்புப் போனைப் பிடித்துக்கொண்டு.

"ஒரு மணி நேரம் உக்கார வைங்க காக்கா. பிடிச்சுத் தாரேன்."

மலையிலிருந்து இறங்க அந்தக் காலத்தில் தாப்பா ரோடு ஒன்றுதான். எந்த வண்டியானாலும் ரிங்லெட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த அர்ஜுனனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, தொரையோட பச்ச ஜீப்பு வரும். நடு ரோட்டுல நின்னாலும் நிப்பாட்டுங்க. வியாபாரி வந்துட்டாரு, ஒங்க கடை போன்லருந்து பேசச் சொல்லுங்க."

"நடு ரோட்டுல நின்னா நான் போய்ருவேனே புள்ள. சரி, கைய ஆட்டிப் பாக்குறேன்."

நல்ல மனுஷன். கடையை அப்படியே விட்டுவிட்டு மழையில் குடையோடு போய் நின்றார். ஒன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்.

"நிப்பாட்டிட்டேன். கண்ணாடிய எறக்குனாரு. எல்லாத்தையும் சொன்னேன். வேகமா மழ அடிக்குது, பின்னால புள்ளைங்க வேற அழுவுது. 'திங்கக்கெழம பேசிக்கலாம்னு சொல்லு'ன்னுட்டுப் போய்ட்டாரு."

"திங்கக்கெழமயா சொன்னாரு?"

"அப்படித்தான் சொன்னாரு."

ஆபீஸ் மனுஷனின் வாயில் சனிக்கிழமை மத்தியானம் வருகிற சொல் அது. எந்த வேலையானாலும் திங்கட்கிழமை பார்க்கலாம். அந்தத் திங்கட்கிழமை தானே பெனாங்கில் கடற்கரையில் இருக்கப் போவதை அந்த நிமிஷம் அவர் நினைத்தாரோ, இல்லையோ. நவமணிக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. ஒருவேளை பெனாங்கிலிருந்தே பேசுவாரோ, ஒருவேளை ஞாயிறு ராத்திரியே திரும்புவாரோ. 'ஒருவேளை'யைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் மலையிலிருந்து விழுந்திருக்கிறார்கள்.

மறுபடி மொகுதூம் கூப்பிட்டபோது சொன்னாள். "தொர திங்கக்கெழம பேசுறேன்னு சொல்லிட்டாரு காக்கா."

"லீவுண்டியே?"

"பேசுறேன்னு சொல்லிட்டாரு."

அரபு வியாபாரி அதற்கு ஒப்புக்கொண்டார். முதலில் குறித்த நாள்தானே, போகட்டும் என்று எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள். நவமணி ஆபீசைத் திறந்து பெனாங்கில் ஹோட்டல் ஹோட்டலாகப் போன் போட்டாள். துரை எந்த ஹோட்டலுக்குப் போகிறார் என்று செல்லையாவுக்கும் தெரியவில்லை. மூன்று இடத்தில் அப்படி ஒருத்தர் இல்லை என்றார்கள். நாலாவது இடத்தில் மலாயில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை லயத்தில் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். யாரோ ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தார்கள், பாட்டுப் பெட்டி பாடியது. ருக்குமணி வாசலில் உட்கார்ந்து பவளத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நவமணி சாவியோடு இறங்குவதைப் பவளம் பார்த்தாள்.

"என்னாடி, லீவு நாள்லகூட தொர ஒன்னத் தேடுறாரா?"

"தேடுனா நல்லாருக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஒரு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தாள்.

"தொரையக் குடு தங்கச்சி. அவரு வந்து உக்காந்துருக்காரு."

துரையின் நாற்காலி மேசைக்கு உள்ளே தள்ளி வைத்தபடி இருந்தது. அதன் மேல் சனிக்கிழமைத் தூசி.

"தங்கச்சி?"

"இல்ல காக்கா."

"வருவாரா?"

"வர மாட்டாரு."

மொகுதூம் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது இருப்பாள். அவர் அரபியில் யாரிடமோ மெதுவாக ஏதோ சொன்னது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. கதவு சாத்திய சத்தமும் அத்தனை தூரத்திலிருந்து கேட்டது. பிறகு மொகுதூம், "நீ வீட்டுக்குப் போம்மா" என்றார்.

அன்றைக்கு ராவே வியாபாரி சிலோன் ஆட்களோடு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை துரை வந்தார், மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து. விஷயத்தைக் கேட்டார். "ஒரு நாள் பொறுக்க மாட்டானா அவன்?" என்றார். பிறகு மேலிடத்துக்கு ஒரு கடிதம் சொன்னார், நவமணியே அதைத் தட்டச்சு செய்தாள். ஆபீஸ் ஆள் கூட்டத்தை விடுமுறை நாளில் குறித்ததால் பேச முடியாமல் போயிற்று என்று அதில் இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்துக் கையெழுத்துக்கு வைத்தாள்.

அந்த மாதக் கடைசியில் கொட்டகையை மூடினார்கள். இருபத்திரண்டு பேரையும் மலைக்கு மாற்றினார்கள். நவமணி கொட்டகை வாசலில் நின்று சொன்னாள், "நாந்தான் திங்கக்கெழமன்னு போட்டேன். பாக்காம போட்டேன்."

பொம்பிளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பவளம்தான் பேசினாள். "நீ சனிக்கெழமன்னு போட்டா மட்டும் அந்தத் தொர வண்டிய விட்டு எறங்கி வந்துருவானா. போடி, போய்ச் சோறு தின்னு." அதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்ள நவமணியால் முடியவில்லை. ஏனென்றால் அவள் வேறு நாள் போட்டிருந்தால் நடந்திருக்கும். ஏப்ரல் இருபத்தாறு செவ்வாய், இருபத்தேழு புதன், இரண்டும் கறுப்பு, இரண்டிலும் கோடு இல்லை. துரையும் இருந்தார், வியாபாரியும் ஊரில் இருந்தார். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தினமும் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ருக்குமணி சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். "எனக்குக் காலு இருக்கு" என்று கூடையை எடுத்தாள். ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் எதிர் மலை தெரியும். வரிசையில் எல்லாரும் மேலே போய்க்கொண்டிருப்பார்கள். கடைசியில் ஒரு உருவம் நின்று, குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மறுபடி நடக்கும். கங்காணியும் கண்டும் காணாமல் போவார். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை நிற்கிறாள் என்று நவமணி எண்ணுவாள். எண்ணக் கூடாது என்று தினமும் நினைத்துக்கொண்டே எண்ணுவாள்.

வேறு சின்ன வியாபாரிகளுக்காகத் தமாம் ஆபீஸ் இன்னும் மூன்று வருஷம் இருந்தது. நவமணிதான் நாள் குறித்தாள். புதுக் காலண்டர் வந்ததும் முதலில் ஞாயிறுகளைத்தான் பார்ப்பாள். எந்தச் சிவப்புக்குள்ளே இன்னொரு சிவப்பு இருக்கிறது என்று தேடி, அடுத்த திங்களைத் தன் கையாலேயே சிவப்பாக்குவாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. தவறாமல் இருந்து என்ன? எண்பத்தாறில் அந்த ஆபீசையும் மூடிவிட்டார்கள். கடைசி நாளில் மொகுதூம் கூப்பிட்டு, "தங்கச்சி, அங்கெ மழையா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வருஷ மழையில் ருக்குமணி படுத்தாள். லயத்து அறையில் ஜன்னலோரம் பாயைப் போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றாள். கொட்டகையில் இருந்த காலத்தில் மகள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்த ஊரின் கிழமைகள் பழகியிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நவமணி வெந்நீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, கண்ணைத் திறந்து கேட்டாள்.

"இன்னிக்கி அவங்களுக்கு லீவுதான?"

"ஆமாம்மா."

"நாளக்கித் தொறப்பாங்க." மூச்சு வாங்க நேரமாயிற்று. "கொட்டகைக்கு நாளக்கிக் கேட்டுப் பாரு."

அந்த ஆபீசை மூடியாகிவிட்டது என்று சொல்லாமல் நவமணி சரி என்றாள். மறுநாள் சனிக்கிழமை ஒரு மணிக்குப் பூட்டின ஆபீசைத் திறந்து உள்ளே போய், போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. லயத்திலிருந்து ஆள் வந்து கூப்பிடும் வரைக்கும் அப்படியே இருந்தாள்.